கைப்பேசி காட்டும் ‘கருத்தரிக்கும் நாள்’: கணக்கு எங்கே தவறுகிறது?

என் தோழி ஒருத்தியை இங்கே மாலா என்று வைத்துக்கொள்வோம். வயது 34. அவள் கிள்ளானில் இருக்கிறாள். கணவருக்கு ஜொகூர், பாசிர் கூடாங்கில் ஷிஃப்ட் வேலை. மாதத்தில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு எடுத்து வீட்டுக்கு வருவார். கல்யாணமாகி மூன்று வருடம். குழந்தைக்காக அவர்கள் முயற்சி செய்யத் தொடங்கி எட்டு மாதங்களுக்கு மேல் ஆகிறது.

அந்த நான்கு நாள் எந்த நான்கு நாள் என்பதை முடிவு செய்தது மாலாவின் கைப்பேசியில் இருந்த ஒரு செயலி. மாதவிடாய் தொடங்கிய தேதியைப் பதிந்தால் போதும். அடுத்த மாதவிடாய் எப்போது என்று சிவப்பிலும், கருத்தரிக்க வாய்ப்புள்ள நாள்கள் எவை என்று பச்சையிலும் வட்டம் போட்டுக் காட்டிவிடும். மாலா அதைத் திரையோடு படம் பிடித்துக் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அவர் லார்க்கினில் பேருந்து டிக்கெட் எடுப்பார். ஆறு மாதம் இப்படியே ஓடியது. ஒவ்வொரு மாதமும் சிவப்பு வட்டம் வந்துகொண்டுதான் இருந்தது.

“செயலி சரியாத்தான்டி சொல்லுது. எங்க கிட்டதான் ஏதோ குறை இருக்கு” என்று ஒரு நாள் சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். செயலியில் பழைய மாதங்களைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு மாதத்திலும் கருமுட்டை வெளிவந்த நாள் குறிக்கப்பட்டிருந்தது. எல்லாம் மாதவிடாய்க்குச் சரியாக 14 நாள் முன்னால். ஒன்றுகூடப் பிசகவில்லை.

பிசகாததுதான் எனக்கு உறுத்தியது. உடம்பு இவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை. “அவருக்கு அனுப்பின படமெல்லாம் இன்னும் இருக்கா?” என்றேன். இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

நான்காவது மாதத்துப் படத்தில் கருமுட்டை வெளிவரும் நாள் என்று செயலி போட்டிருந்தது 18ஆம் நாள். மாதவிடாய் தொடங்கும் நாளை 1 என்று எண்ணினால் வரும் 18. அதே மாதத்தை இப்போது செயலியில் திறந்தால் 23ஆம் நாள் என்று இருந்தது. அந்தச் சுழற்சி 37 நாள் நீண்டிருந்தது. மாதவிடாய் வந்த பிறகு செயலி 37இலிருந்து 14ஐக் கழித்து, பழைய குறியை அழித்துவிட்டுப் புதிதாக 23இல் போட்டுவிட்டது. எந்த மணியும் அடிக்கவில்லை. ‘திருத்தப்பட்டது’ என்ற குறிப்பும் இல்லை. இதனால் பின்னால் திரும்பிப் பார்க்கும்போது செயலி தவறாகச் சொன்ன மாதம் என்று ஒன்றுகூட இருக்காது.

நீங்களும் இப்படி ஒரு செயலி வைத்திருந்தால், இந்த மாதம் அது என்ன சொல்கிறது என்று ஒரு தாளில் எழுதிவைத்து, மாதவிடாய் வந்த பின் ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் துல்லியம் இரண்டு மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

சரி, முதலில் அந்த 18 எங்கிருந்து வந்தது? மாதவிடாய்த் தேதியை மட்டும் கேட்கும் செயலிக்கு உங்கள் உடம்பைப் பற்றி வேறு எதுவும் தெரியாது. கருப்பையையோ ஹார்மோனையோ அது பார்ப்பதில்லை. முந்தைய சுழற்சிகளின் நீளத்தைக் கூட்டிச் சராசரி எடுக்கும். அடுத்த மாதவிடாய் அந்தச் சராசரிப்படி வரும் என்று வைத்துக்கொள்ளும். அங்கிருந்து 14 நாள் பின்னால் எண்ணி, அதைக் கருமுட்டை நாள் என்று குறிக்கும். அதற்கு முந்தைய ஐந்து நாளையும் சேர்த்துப் பச்சை அடிக்கும். திரை அழகாக இருந்தாலும் உள்ளே நடக்கும் கணக்கு இவ்வளவுதான்.

ஐந்து நாள் என்பதில் தவறில்லை. வெளிவந்த கருமுட்டை ஏறக்குறைய 12இலிருந்து 24 மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். ஆணின் விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த 221 பெண்களைப் பின்தொடர்ந்து 1995இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் ஆக ஆறு நாளில்தான் கரு தங்கியது என்று காட்டியது. முதல் நாளில் வாய்ப்பு 10 விழுக்காடு, கடைசி நாளில் 33 விழுக்காடு என்று அது மதிப்பிட்டது. கருமுட்டை வெளிவந்த மறுநாளிலிருந்து வாய்ப்பு இல்லை. ஆகவே ஆறு நாள் என்பது உண்மை. எந்த ஆறு நாள் என்பதில்தான் செயலி ஊகம் செய்கிறது.

14 என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 1920களில் ஜப்பானில் ஓகினோ என்ற மகப்பேறு மருத்துவரும், ஆஸ்திரியாவில் க்னாவுஸ் என்பவரும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். கருமுட்டை எப்போது வெளிவருகிறது என்பதை முந்தைய மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணக் கூடாது, அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்பதே அது. ஓகினோ, அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள் முன்னால் என்று ஒரு நெடுக்கமாகச் சொன்னார். அதன் நடு எண்தான் நம் செயலிகளில் 14 ஆகக் குந்திக்கொண்டிருக்கிறது.

ஏன் பின்னோக்கி? கருமுட்டை வெளிவந்த பிறகு உள்ள நாள்கள் ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அதற்கு முந்தைய பகுதி. முட்டை முதிர எடுத்துக்கொள்ளும் காலம் அது. காய்ச்சல், தூக்கமின்மை, திடீரென்று எடை குறைவது, நீண்ட பயணம், மனஉளைச்சல் இவை எதுவும் அந்தப் பகுதியை இழுத்துவிடலாம். காரணமே இல்லாமலும் இழுக்கும். மாதவிடாய் ஒரு வாரம் ‘தள்ளிப்போச்சு’ என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் உண்மையில் தள்ளிப்போனது ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே, கருமுட்டை வெளிவருவதுதான். மாதவிடாய் அதன் பின்னாலேயே தாமதமாக வந்து சேர்கிறது.

இங்கேதான் செயலியின் சிக்கல். பின்னோக்கி எண்ண அடுத்த மாதவிடாய் தேதி வேண்டும். அது இன்னும் வரவில்லை. வராத தேதியை ஊகித்து, அந்த ஊகத்திலிருந்து பின்னோக்கி எண்ணுகிறது.

மாலாவின் ஆறு மாதக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். அவள் சுழற்சிகள் முறையே 29, 35, 31, 37, 28, 34 நாள். இது கோளாறு அல்ல. 24இலிருந்து 38 நாள் வரை மருத்துவர்கள் இயல்பு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கூட்டினால் 194. சராசரி 32. அதிலிருந்து 14ஐக் கழித்தால் 18. மாதத்துக்கு மாதம் சற்று ஆடினாலும் செயலி பெரும்பாலும் காட்டியது 13ஆம் நாளிலிருந்து 18ஆம் நாள் வரை பச்சை. கணவர் வந்து தங்கியது 15 முதல் 18 வரை.

பிற்பாடு மாலா சோதனைப் பட்டை வைத்துப் பார்த்ததில், அவளுக்குக் கருமுட்டைக்கும் மாதவிடாய்க்கும் இடையில் 13 நாள் வருகிறது என்று தெரிந்தது. அதை வைத்து அந்த ஆறு மாதத்தையும் திரும்பக் கணக்கிட்டோம். ஓரிரு நாள் முன்பின் இருக்கலாம். கருமுட்டை வெளிவந்த நாள்கள் 16, 22, 18, 24, 15, 21 என்று வந்தன.

முதல் மாதமும் மூன்றாம் மாதமும் கணவர் வந்தது நல்ல பொருத்தம். ஐந்தாம் மாதம் அவர் வந்து இறங்கிய 15ஆம் நாளே கடைசி நாள். இரண்டாம், ஆறாம் மாதங்களில் வாய்ப்பு ஏறத் தொடங்கும் நேரத்தில் அவர் பேருந்து ஏறிவிட்டார். நான்காம் மாதம் ஆறு நாளில் ஒரு நாள்கூடச் சேரவில்லை. அந்த மாதம் உண்மையான காலம் 19இல்தான் தொடங்கியது. அவர் 18இலேயே புறப்பட்டார். குழந்தையில்லையே என்று மாமியார் வீட்டில் கேட்டுக் கேட்டு நொந்துபோன ஆறு மாதத்தில், உருப்படியாக முயற்சி நடந்தது இரண்டே மாதம்.

சராசரி என்பது தவறான எண் அல்ல. மாலாவின் சராசரி நிஜமாகவே 32தான். ஆனால் ஆறு சுழற்சியில் ஒன்றுகூட 32 நாள் இல்லை என்பதைக் கவனியுங்கள். மாதவிடாய் தேதியைச் சொல்ல அந்தச் சராசரி ஓரளவு போதும். மூன்று நாள் முன்பின் ஆனால் கைப்பையில் பேட் எடுத்து வைத்திருப்போம், அவ்வளவே. கருமுட்டை விஷயத்தில் அதே மூன்று நாள் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

மாலா தனி ஆள் அல்ல. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பெண்களின் சிறுநீரில் ஹார்மோனை அளந்து உண்மையான கருமுட்டை நாளைக் கண்டுபிடித்து, செயலிகளும் நாள்காட்டி முறைகளும் சொல்வதோடு ஒப்பிட்டார்கள். சரியான நாளைச் சொல்வதில் அவற்றின் துல்லியம் 21 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டு, செயலி ஒன்றில் பதிவான ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்தபோது சராசரி நீளம் 29.3 நாள் என்று வந்தது. பாடப்புத்தகத்தில் நாம் படித்த 28 நாள் சுழற்சி நூற்றில் 13தான்.

28இன் பிடி செயலியோடு நிற்கவில்லை. அந்த நான்காம் மாதத்தில் மாலா ஒரு கிளினிக்குக்குப் போனாள். கருமுட்டை வெளிவந்திருக்கிறதா என்று பார்க்க 21ஆம் நாள் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். வெளிவந்த பிறகு ஏறும் புரோஜெஸ்டெரோன் ஹார்மோனைப் பார்க்கும் சோதனை அது. அளவு குறைவாக இருந்தது. உங்களுக்குக் கருமுட்டை வெளிவரவில்லை போலிருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று இரவு அவள் அழுதது எனக்குத்தான் தெரியும்.

வேறொரு மகப்பேறு மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “இந்த டெஸ்ட் எடுத்து எத்தனை நாள் கழிச்சு உங்களுக்கு பீரியட் வந்துச்சு?” என்பதுதான். 17 நாள் கழித்து. மருத்துவர் சிரித்துவிட்டார். அந்தச் சோதனையை அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய ஏழு நாள் முன்னால் எடுக்க வேண்டும். 28 நாள்காரிக்கு அது 21ஆம் நாள். 37 நாள் ஓடிய சுழற்சியில் அது 30ஆம் நாள். 21ஆம் நாளில் மாலாவுக்குக் கருமுட்டையே இன்னும் வெளிவரவில்லை. பிறகு ஹார்மோன் எப்படி ஏறும்?

அவர் இன்னொன்றும் சொன்னார். கணவன் மனைவி ஒரே வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் ஆறு நாள் எங்கே விழுந்தாலும் ஏதோ ஒரு நாள் பொருந்திவிடும். மாலா தம்பதிக்கு அந்த வசதி இல்லாததால் சோதனைப் பட்டை வாங்கச் சொன்னார்.

மருந்தகத்தில் கிடைக்கும் இந்தப் பட்டை சிறுநீரில் எல்.எச். என்ற ஹார்மோனைப் பார்க்கிறது. கருமுட்டை வெளிவர ஒன்று, ஒன்றரை நாள் இருக்கும்போது அது திடீரென ஏறும். சோதனைக் கோடு ஒப்பீட்டுக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ இருந்தால்தான் கணக்கு. மங்கலாக ஒரு கோடு தெரிவது எப்போதும் உண்டு, அதைப் பார்த்து ஓடக் கூடாது. எந்த நாளில் தொடங்குவது என்பதற்குச் சராசரியைப் பார்க்கக் கூடாது. மிகக் குறுகிய சுழற்சியிலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னார். மாலாவுக்கு 28இல் 17 போக 11ஆம் நாள். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதும் கொஞ்சம் தூக்கலாக இருக்கக்கூடும் என்பதால் பட்டை ஏமாற்றலாம். அவர்கள் மருத்துவரின் ஸ்கேனைத்தான் நம்ப வேண்டும்.

விடியற்காலை உடல் வெப்பநிலையை அளப்பது இன்னொரு வழி. கருமுட்டை வெளிவந்த பிறகு 0.2 முதல் 0.5 செல்சியஸ் ஏறி அப்படியே நிற்கும். மாலாவுக்குத் துணையாக நானும் ஒரு மாதம் முயன்று பார்த்தேன். காலை நிகழ்ச்சி நடத்துகிறவள் நான். வார நாளில் நாலேகாலுக்கு எழுவேன், விடுமுறையில் எட்டு மணி. எழும் நேரம் மாறினாலே வெப்பநிலையும் மாறும் என்பதால், என் வரைபடம் கெந்திங் மலைப்பாதை மாதிரி ஆகிவிட்டது. இரவு ஷிஃப்ட் பார்க்கிற தாதியருக்கும், இரவில் மூன்று முறை எழும் கைக்குழந்தைக்காரிக்கும் இது சரிப்படாது. ஒழுங்காக எடுத்தாலும், ஏறிய வெப்பநிலை மூன்று நாள் நிலைத்தால்தான் உறுதி. அதற்குள் கருமுட்டையின் ஆயுள் முடிந்திருக்கும். எனவே நடந்து முடிந்ததைச் சொல்ல அது உதவும், வரப்போவதைச் சொல்லாது. வெப்பநிலையையோ பட்டை முடிவையோ கேட்டுக் கணக்கிடும் செயலிகளும் இருக்கின்றன. அவை வெறும் தேதிச் செயலிகளைவிட ஒரு படி மேல். ஆனால் நாம் கொடுக்கும் எண்ணைவிட நல்ல பதில் அவற்றாலும் தர முடியாது.

காசு செலவில்லாத அடையாளம் ஒன்றும் இருக்கிறது, நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. கருமுட்டை வெளிவரும் நாள் நெருங்கும்போது வெள்ளைப்படுதல் முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, விரலில் இழுத்தால் நீளும்படி மாறும். அது பலருக்கு நாள்காட்டியைவிடச் சரியாகச் சொல்லும்.

இதே செயலியை எதிர்ப்பக்கத்திலிருந்து பயன்படுத்துகிறவர்களும் உண்டு. பச்சை இல்லாத நாளெல்லாம் ‘பயமில்லாத நாள்’ என்று நினைத்து, வேறு கருத்தடை எதுவும் இல்லாமல் இருப்பவர்கள். என் அலுவலகத்திலேயே இரண்டு பேர் அப்படித்தான் இருந்தார்கள். அவர்களுக்கு மாலாவின் நான்காம் மாதத்தைக் காட்டினேன். செயலிப்படி 20ஆம் நாள் வெறும் நாள். உண்மையில் கருமுட்டைக்கு நான்கு நாள் முன்னால்.

கைப்பேசி வருவதற்கு முன் இருந்த பென்சில் கணக்கு இதைவிட நேர்மையானது. மிகக் குறுகிய சுழற்சியிலிருந்து 18ஐக் கழி, மிக நீண்டதிலிருந்து 11ஐக் கழி, இடையில் உள்ளதெல்லாம் கவனிக்க வேண்டிய நாள் என்பது அது. மாலாவுக்கு 28இல் 18 போனால் 10. 37இல் 11 போனால் 26. ஆக 10ஆம் நாளிலிருந்து 26ஆம் நாள் வரை, 17 நாள். அதே பெண்ணுக்குச் செயலி பச்சை அடித்தது ஆறே நாள். 17 நாள் என்று காட்டினால் யார் அந்தச் செயலியை வைத்துக்கொள்வார்கள் என்று என் சக அறிவிப்பாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தப் பழைய கணக்கும் தவறும். அதை மட்டும் நம்பிய பலர் கர்ப்பமாகியிருக்கிறார்கள்.

மாலா பட்டையைத் தொடங்கிய முதல் மாதம், பழக்கம் விடாமல் கணவர் 15ஆம் நாளே வந்து 18இல் திரும்பிவிட்டார். 20ஆம் நாள் மாலை கோடு அழுத்தமாக விழுந்தது. அவள் கண்ணாலேயே பார்த்த பிறகுதான் நான் இவ்வளவு நாள் சொன்னதை நம்பினாள். 34 நாளில் மாதவிடாய் வந்தது. அடுத்த மாதம் டிக்கெட் எடுக்காமல் காத்திருந்தார்கள். 17ஆம் நாள் கோடு விழுந்தது. கணவர் மேலாளரிடம் ஷிஃப்ட்டை மாற்றிக் கேட்டு, அன்றிரவே பேருந்து ஏறி விடிவதற்குள் கிள்ளான் வந்து சேர்ந்தார். எல்லாம் சரியாக அமைந்தும் 31ஆம் நாள் முடிந்ததும் மாதவிடாய் வந்துவிட்டது. மிக நல்ல நாளிலும் மூன்றில் ஒரு வாய்ப்புதான் என்பதை மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் இந்த முறை அவள் அழவில்லை. ஒரு வருடம் நிறைந்ததும் இருவரும் சேர்ந்து வரச் சொல்லியிருக்கிறார். கணவருக்கும் பரிசோதனை உண்டு. 35 வயது தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

இன்று மாலாவுக்கு 12ஆம் நாள். சமையலறையில் தொங்கும் நகைக்கடை நாள்காட்டியில் நேற்றிலிருந்து பட்டையின் முடிவை எழுதி வருகிறாள். இதுவரை இரண்டும் மங்கல். கணவரின் பை கட்டித் தயாராக இருக்கிறது. செயலியை அவள் இன்னும் அழிக்கவில்லை. இந்த மாதமும் அது 18 என்றுதான் காட்டுகிறது.